தெர்மோ, மெஷின் டிசைன் இன்டர்வியூ: மனப்பாடமா, கணக்கா, ஒரே இயந்திரமா?

மெக்கானிக்கல் முடித்துவிட்டு இன்டர்வியூவுக்குக் காத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மூணு வாரம் இருக்கு சார். தெர்மோவும் டிசைனும்தான் கேப்பாங்களாம். கேள்வி பதில் பிடிஎஃப் ஒண்ணு இருக்கு, அதை மனப்பாடம் பண்ணிடவா? இல்ல, கேட் கணக்கு போட்டுப் பாக்கவா? சீனியர் ஒருத்தர் ஏதாவது ஒரு மெஷினை எடுத்து முழுசாப் படிங்கறார்."

மூன்று வழியிலும் தயாராகி வேலை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எது எந்த இடத்தில் கைகொடுக்கும், எது எந்த இடத்தில் காலை வாரும் என்பதைப் பார்ப்போம். மூன்றையும் ஒரே கேள்வியை வைத்து உரசிப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அந்தக் கேள்வி இது: "காற்றை ஒரே தடவையில் அழுத்தாமல் ஏன் இரண்டு ஸ்டேஜில் அழுத்துகிறோம்?"

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், இரண்டாவது கேள்வியைத் தாங்குமா என்பது. பேனலில் உட்காருபவர் கேட்கும் முதல் கேள்வி பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். அதற்குப் பாதிப் பேராவது பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலிலிருந்தே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்கும் அடுத்த "ஏன்?"தான் ஆளைப் பிரிக்கிறது.

இரண்டாவது, தரவு கொடுக்காமல் கேட்டாலும் ஓர் எண்ணைச் சொல்ல முடியுமா என்பது. அழுத்திய காற்று எவ்வளவு சூடாக வரும் என்று கேட்டால், 217 டிகிரியா 230 டிகிரியா என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. 60 டிகிரி என்று சொன்னால்தான் கவலை.

மூன்றாவது, வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினால் வரைய முடியுமா என்பது. p-V படம், ஷாஃப்டில் விசைகள் எங்கே வருகின்றன என்ற படம், இரண்டும் கேட்பார்கள்.

நான்காவது, பாடத்தின் பரப்பு. கம்ப்ரசர் தெரிந்த பையனிடம் கூலிங் டவரைக் கேட்டால் என்ன ஆகும்? இது கடைசி அளவுகோல் என்றாலும் சில இன்டர்வியூக்களில் இதுதான் முதலில் வந்து நிற்கும்.

## வழி 1: கேள்வி பதில் தொகுப்பு

செலவு குறைவு, வேகம் அதிகம். ஒரு வாரத்தில் தெர்மோவின் விதிகளிலிருந்து பேரிங் வகைகள் வரை ஒரு சுற்று வந்துவிடலாம். பரப்பு என்ற அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. மறந்துபோன பெயர்கள் நாக்குக்குத் திரும்புவதும் சின்ன விஷயமல்ல. "என்டூரன்ஸ் லிமிட்" என்ற சொல்லே வராமல் திணறினால், விஷயம் தெரிந்தும் தெரியாதவர்போலத் தோன்றும்.

இப்போது நம் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். "வேலை குறையும் சார், ஐசோதெர்மலுக்குப் பக்கத்தில் போகும்" என்று பதில் வரும். சரியான பதில்தான். "எவ்வளவு குறையும்?" என்றால் அமைதி. "ஐசோதெர்மல் என்றால் ஏன் வேலை குறைகிறது, படத்தில் காட்டுப்பா" என்றால் இன்னும் பெரிய அமைதி.

ஆட்டோ, டீசல் சுழற்சி ஒப்பீட்டிலும் இதே கதைதான். "ஒரே கம்ப்ரஷன் ரேஷியோவில் ஆட்டோ சுழற்சிக்குத் திறன் அதிகம்" என்பது எல்லாத் தொகுப்பிலும் இருக்கும் வரி. "அப்புறம் ஏன் லாரிக்கு டீசல் போடறாங்க?" என்பது எல்லா பேனலும் கேட்கும் அடுத்த கேள்வி. அந்த வரியின் முதல் மூன்று சொற்களில்தான் விடை இருக்கிறது. ரேஷியோ 10 என்று வைத்தால் ஆட்டோ சுழற்சியின் திறன் ஏறக்குறைய 60 சதவீதம், கட்-ஆஃப் ரேஷியோ 2 உள்ள டீசல் சுழற்சியின் திறன் 53 சதவீதம். ஆனால் டீசல் எஞ்சினில் வெறும் காற்றைத்தான் அழுத்துகிறோம், தட்டுதல் பற்றிய பயம் இல்லாமல் ரேஷியோவை 18 வரை கொண்டு போகலாம். அங்கே டீசல் சுழற்சி 63 சதவீதத்தைத் தொடுகிறது. இவை காற்றை மட்டும் வைத்துப் போடும் ஏட்டுக் கணக்குகள், உண்மை எஞ்சின் இவ்வளவு தராது. ஆனாலும் திசை மாறாது. மனப்பாடம் செய்தவருக்கு வரி தெரியும், அந்த வரி எப்போது செல்லாது என்பது தெரியாது.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று உண்டு. இந்தத் தொகுப்புகளில் அரைகுறை பதில்கள் நிறைய. "ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்பது அல்டிமேட் ஸ்ட்ரெஸ்ஸை வொர்க்கிங் ஸ்ட்ரெஸ்ஸால் வகுப்பது" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். வார்ப்பிரும்பு போல நொறுங்கும் பொருளுக்கு அது சரி. மைல்ட் ஸ்டீல் போல இழுபடும் பொருளில், நிலையான சுமைக்கு ஈல்டு ஸ்ட்ரெஸ்ஸைத்தான் எடுப்போம், ஏனென்றால் உடைவதற்கு முன்பே வளைந்து உருமாறி அந்தப் பாகம் பயனற்றுப் போய்விடும். சுமை மாறி மாறி வந்தால் என்டூரன்ஸ் லிமிட்டை எடுக்க வேண்டும். அந்த ஒரே வரியைச் சொன்னவரிடம் "சுழல்கிற ஷாஃப்டுக்கும் அதேதானா?" என்று கேட்டால் போதும், மீதி இன்டர்வியூ கீழ்நோக்கித்தான் போகும்.

எப்போது இது மேல்: நேரம் ஒரு வாரத்துக்குள். முதல் சுற்று எழுத்துத் தேர்வு. அல்லது கேம்பஸில் ஒரே நாளில் நூறு பேரைப் பார்த்து ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் நிறுவனம். அங்கே இரண்டாவது கேள்விக்கு நேரமே இருக்காது.

## வழி 2: கேட் பாணிக் கணக்குகள்

கேட் தேர்வில் மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். பொதுத்துறை நிறுவனங்கள் சில அந்த மதிப்பெண்ணை வைத்தே இன்டர்வியூவுக்கு அழைப்பதால், அங்கே போகிறவர்கள் ஏற்கெனவே இந்த வழியில்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்கும் இது வலுவான வழி. சூத்திரம் எந்த நிபந்தனையில் செல்லும் என்பதைத் தவறு செய்து செய்தே கற்றுக்கொள்கிறோம். கெல்வினில் போட வேண்டிய இடத்தில் செல்சியஸைப் போட்டு விடை கோணலாக வந்த பிறகு அந்தத் தவறு திரும்ப வராது.

கம்ப்ரசர் கேள்வி கேட்டால் இவர்கள் அழகாகப் போடுவார்கள். இன்டர்மீடியட் பிரஷர் இரண்டு பிரஷர்களின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் என்று சட்டென்று சொல்வார்கள். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. தேர்வுத்தாள் எல்லாத் தரவையும் கொடுத்துவிடும்: தொடக்க வெப்பநிலை இவ்வளவு, n இவ்வளவு, மாஸ் ஃப்ளோ இவ்வளவு. பேனலில் இருப்பவர் எதையும் தரமாட்டார். "பஞ்சர் கடையில் இருக்குமே, அந்த கம்ப்ரசர்ல காத்து எவ்வளவு சூட்டில வெளிய வரும்?" என்று மட்டும் கேட்பார். தொடக்க வெப்பநிலையை நாமே 30 டிகிரி என்றும், பிரஷரை 8 பார் என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்பது இவர்களுக்குத் தோன்றாது. "தரவு போதாது சார்" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் கெட்டிக்காரர்கள்.

டிசைன் பக்கம் இன்னும் ஒரு குறை. கேட்டில் ஷாஃப்ட், போல்ட், பேரிங், கியர், கிளட்ச், பிரேக் எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலானவை விடையாக ஓர் எண் வரும் வகையில் செதுக்கப்பட்டவை. டிசைன் இன்டர்வியூவில் பாதிக் கேள்விகளுக்கு விடை எண்ணே கிடையாது. "ஷாஃப்டைவிட கீயை ஏன் பலவீனமாச் செய்யறோம்?" என்பதற்குக் கணக்கு வேண்டாம். அதிகச் சுமை வந்தால் எது முதலில் போக வேண்டும் என்று யோசித்தால் போதும்: கீ மலிவு, மாற்றுவது சுலபம், ஷாஃப்ட் அப்படியல்ல.

எப்போது இது மேல்: பொதுத்துறை இன்டர்வியூ, எம்.டெக். நேர்காணல், ஆராய்ச்சிப் பிரிவு வேலை. இரண்டு மாதத்துக்கு மேல் நேரம் இருக்க வேண்டும். மூன்று வாரத்தில் இதைத் தொடங்கினால் தெர்மோவைப் பாதி முடித்த நிலையில் டிசைனைத் தொடாமலேயே போய் உட்காருவீர்கள். இந்த வழியின் பெரிய மறைசெலவு அதுதான்.

## வழி 3: ஒரே இயந்திரம், அடிவரைக்கும்

ஓர் இயந்திரத்தை எடுத்து, அதற்குள் தெர்மோவும் டிசைனும் எங்கே சந்திக்கின்றன என்று தேடிப் படிப்பது. இதைச் சொன்னால் பலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள், ஒரே இயந்திரம் எப்படிப் போதும் என்று. செய்தே பார்த்துவிடுவோம். கேள்வி அதே இரண்டு ஸ்டேஜ்தான்.

முதலில் வெப்பநிலை. 1 பார், 30 டிகிரி காற்று உள்ளே வருகிறது. 8 பாருக்கு ஒரே தடவையில் அழுத்துகிறோம். இரண்டும் அப்சல்யூட் பிரஷர்.

```
T2 = T1 × (p2/p1)^((n−1)/n)
```

வெப்பம் வெளியேறவே இல்லை என்று n = 1.4 எடுத்தால் 303 கெல்வின் 549 கெல்வின் ஆகிறது, அதாவது 276 டிகிரி. சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகள் கொஞ்சம் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்று n = 1.3 எடுத்தாலும் 217 டிகிரி. அந்தச் சூட்டில் மசகு எண்ணெய் டெலிவரி வால்வில் கரியாகப் படியும், வால்வு சரியாக மூடாது. இரண்டு ஸ்டேஜில், நடுவில் இன்டர்கூலர் வைத்துக் காற்றை மறுபடி 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு ஸ்டேஜின் ரேஷியோ 8-இன் வர்க்கமூலம், 2.83. n = 1.4-லேயே வெளியேறும் சூடு 135 டிகிரிதான்.

அடுத்து வேலை. அதே n = 1.4 வைத்தால், ஒரே ஸ்டேஜில் ஒரு கிலோ காற்றுக்கு 247 கிலோஜூல். இரண்டு ஸ்டேஜில் 211. சேமிப்பு ஏறக்குறைய 15 சதவீதம். கச்சிதமான ஐசோதெர்மலாக இருந்தால் 181 வரை இறங்கும், அதற்குக் கீழே போக முடியாது. இந்த மூன்று எண்களையும் p-V படத்தில் மூன்று கோடுகளாக வரைந்து காட்டினால், முதல் வழிக்காரர் நின்றுபோன இடத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

இதுவரை தெர்மோ. மூன்றாவதாகச் சொல்லப்போவதைப் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சிலிண்டர் விட்டம் 100 மி.மீ. என்று வையுங்கள். ஒரே ஸ்டேஜில், பிஸ்டன் மேலே வரும்போது ஒரு பக்கம் 8 பார், கிராங்க்கேஸ் பக்கம் 1 பார். வித்தியாசம் 7 பார், அதாவது 0.7 நியூட்டன்/மி.மீ². பரப்பு 7854 மி.மீ². கனெக்டிங் ராடில் வரும் விசை 5500 நியூட்டன்.

இதையே இரண்டு ஸ்டேஜாக்குங்கள். பெரிய சிலிண்டர் அதே 100 மி.மீ., ஆனால் அது பார்ப்பது 2.83 பார் மட்டுமே. வித்தியாசம் 1.83 பார், விசை 1440 நியூட்டன். இரண்டாவது சிலிண்டர் 8 பார் வரை போகிறது, ஆனால் அதற்குள் வரும் காற்றின் கன அளவு ஏற்கெனவே 2.83-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஸ்ட்ரோக் ஒன்றே என்றால் விட்டம் 60 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. விசை 1940 நியூட்டன். ஆக, ராடும் கிராங்க்பின்னும் பேரிங்கும் தாங்க வேண்டிய உச்ச விசை 5500-லிருந்து 2000-க்குக் கீழே வந்துவிட்டது. இன்டர்கூலர் வைத்ததால் கிராங்க்ஷாஃப்ட் மெலிந்தது. "ஏன் இரண்டு ஸ்டேஜ்?" என்ற தெர்மோ கேள்விக்கு டிசைன் பக்கத்திலிருந்தும் ஒரு பதில் இருக்கிறது என்று காட்டினால், பேனலில் இருக்கும் டிசைன் ஆள் நிமிர்ந்து உட்காருவார்.

அங்கிருந்து டாங்க்குக்கு வாருங்கள். விட்டம் 400 மி.மீ., தகடு 4 மி.மீ., டிசைன் பிரஷர் 1 நியூட்டன்/மி.மீ² என்று எடுத்தால் சுற்றுவாக்கு ஸ்ட்ரெஸ் `p·d/2t`, அதாவது 50. நீளவாக்கில் அதில் பாதி, 25. எனவே டாங்க் கிழிந்தால் நீளமாகத்தான் கிழியும். "அப்ப 4 மி.மீ. போதுமா?" என்று கேட்பார்கள். இங்கே தெர்மோ மறுபடி உள்ளே வருகிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 8 கன மீட்டர் காற்றில் 170 கிராம் இருக்கிறது. அதை 1 கன மீட்டராகச் சுருக்கி மறுபடி 30 டிகிரிக்கு ஆறவிட்டால் 30 கிராம்தான் ஆவியாக நிற்கும். மீதி 140 கிராம் தண்ணீராக டாங்க்கின் அடியில் இறங்கும். அடியில் ஏன் டிரெய்ன் காக் இருக்கிறது, தகட்டுக்கு ஏன் துருவுக்கென்று ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாகக் கொடுக்கிறோம், வெல்டிங் எஃபிஷியன்சியை ஏன் கணக்கில் சேர்க்கிறோம் என்று பேச்சு தானாக நீளும்.

மறைசெலவுகள் இங்கேயும் உண்டு. நேரில் பார்க்காத இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். "கிராங்க்ஷாஃப்டுல என்ன பேரிங்?" என்று கேட்டால் பார்த்தவர் "6205 சார், உள் விட்டம் 25" என்பார். கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும் என்பது ஒர்க்ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும், பாடத்தில் படித்து மட்டும் வந்தவருக்குத் தெரியாது. பரப்பும் குறைவுதான். கம்ப்ரசர் ராங்கின் சுழற்சியைச் சொல்லித் தராது, கியர் பல்லின் கதையும் அதில் இல்லை. கூடவே, குறுக்குக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். தனியாகப் படித்தால் நமக்கு விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே நாம் கேட்டுக்கொள்வோம்.

எப்போது இது மேல்: கோயம்புத்தூர் பம்ப் நிறுவனம், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வாகன உதிரிபாக ஆலை போன்ற உற்பத்தி, டிசைன், சர்வீஸ் வேலைகள். பேனலில் ஒருவராவது ஷாப் ஃப்ளோரிலிருந்து வந்தவராக இருக்கும் இடங்கள். பம்ப் நிறுவனத்துக்குப் போகிறவர் கம்ப்ரசருக்குப் பதிலாகச் சென்ட்ரிஃப்யூகல் பம்பை எடுப்பது நல்லது. தெர்மோ குறையும், ஆனால் இம்பெல்லர், ஷாஃப்ட், சீல், பேரிங் என்று டிசைன் கொழிக்கும்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | கேள்வி பதில் தொகுப்பு | கேட் கணக்குகள் | ஒரே இயந்திரம் |
|---|---|---|---|
| இரண்டாவது கேள்வி | தாங்காது | சூத்திரம் வரை தாங்கும் | தாங்கும் |
| தரவில்லாமல் எண் | வராது | தயங்கும் | வரும் |
| தாளில் வரைதல் | பழகியிருக்காது | p-V, T-s வரும் | எல்லாம் வரும் |
| பரப்பு | மிக அதிகம் | அதிகம் | குறைவு |
| தேவைப்படும் நேரம் | ஒரு வாரம் | இரண்டு மாதத்துக்கு மேல் | இரண்டு வாரம் |
| மறைசெலவு | அரைகுறை பதில்கள் | டிசைன் பாதியில் நிற்கும் | இயந்திரமும் கேள்வி கேட்க ஆளும் வேண்டும் |

பணம் கட்டி மாக் இன்டர்வியூ எடுக்கும் பயிற்சி மையங்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது தனி வழி அல்ல, மூன்றில் எதனோடும் ஒட்டவைக்கலாம். கேட்பவர் மெக்கானிக்கல் ஆளாக இருந்தால் பலன் உண்டு. பொதுவான மனிதவளப் பயிற்சியாளர் என்றால் போகாமல் இருங்கள், காசாவது மிச்சம்.

## மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால்

என் தேர்வு மூன்றாவது வழி, அதில் முதல் வழியைக் கொஞ்சம் கலந்து. முதல் இரண்டு வாரம் இயந்திரம். மூன்றாவது வாரம் தொகுப்பைப் புரட்டி, இயந்திரம் தொடாத தலைப்புகளை மட்டும் எடுங்கள்: ராங்கின், குளிர்பதனச் சுழற்சி, கியர், ஃபெயிலியர் தியரிகள். படிக்கும் ஒவ்வொரு பதிலுக்கும் கீழே நீங்களே ஒரு "ஏன்?" எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பதில் இன்னும் புரியவில்லை.

எந்த இயந்திரம் என்பதில் ஒரு நிபந்தனை. இறுதியாண்டு ப்ராஜெக்டை ரெஸ்யூமில் போட்டிருப்பீர்கள், பேனல் முதலில் கை வைக்கும் இயந்திரம் அதுதான். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால்கூட, உங்கள் இயந்திரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும், கம்ப்ரசர் அதற்கு அப்புறம். "ஷாஃப்ட் ஏன் 20 மி.மீ.?" என்று கேட்டால் "கடையில அதுதான் சார் கிடைச்சது" என்று உண்மையைச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அங்கேயே நிறுத்தாதீர்கள். 40 நியூட்டன்/மி.மீ² ஷியர் ஸ்ட்ரெஸ் அனுமதித்தால் 20 மி.மீ. ஷாஃப்ட் 63 நியூட்டன் மீட்டர் டார்க் தாங்கும். 1 குதிரைத்திறன் மோட்டார் 1440 ஆர்.பி.எம்.மில் தருவது 5 நியூட்டன் மீட்டர்தான், நேரடியாக இணைத்தால் தாராளம். கியர் பாக்ஸ் வைத்துப் பத்தில் ஒன்றாக வேகத்தைக் குறைத்திருந்தால் டார்க் 50 ஆகிவிடும், அப்போது கீவே வெட்டிய இடத்தில் அந்த 20 மி.மீ. விளிம்பில் நிற்கிறது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் கேட்கும் முன்பே.